வாதக் கட்டுரைக்கு ரூப்ரிக்: கேள்வி பதில்

டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு 200 சொல்லில் வாதக் கட்டுரை கொடுத்திருக்கிறேன். ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எத்தனை மதிப்பெண் என்று வரிசை வரிசையாகச் சொல்லும் கட்டத்தை, எங்கிருந்து தொடங்குவது?

வந்த தாள்களிலிருந்து. பத்துத் தாளை மதிப்பெண் போடாமல் படித்து, நம்பவைப்பவை, ஓரளவு நம்பவைப்பவை, நம்பவைக்காதவை என மூன்று கட்டாகப் பிரியுங்கள். எதனால் எந்தக் கட்டுக்குப் போனது என்று எழுதினால் அவைதான் உங்கள் வரிசைகள். ‘பள்ளிக் கடையில் பாக்கெட் தீனி விற்கலாமா?’ என்ற தலைப்புக்கு எனக்கு நான்குதான் தேறின: நிலைப்பாடு 4, காரணமும் சான்றும் 8, எதிர்த்தரப்புக்குப் பதில் 4, மொழி 4. கையெழுத்து எந்தக் கட்டையும் தீர்மானிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

வரிசைக்கு நான்கு நிலை போதுமா? பத்து வைத்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே?

6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் தாராளமாக வையுங்கள். என்னால் முடியவில்லை. ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதுவது ஏமாற்று வேலை. தாளில் கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். எதிர்த்தரப்பு வரிசையைப் பாருங்கள். மறுபக்கமே இல்லை என்றால் 1. ‘சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்று மட்டும் இருந்தால் 2. ‘பசிக்குமே என்பார்கள், ஆனால் அது தவறு’ என்றால் 3, ஏனென்றால் மறுப்பு இருக்கிறது, காரணம் இல்லை. ‘பசிக்கும் என்பது உண்மைதான், அதற்குச் சுண்டல் விற்கலாமே’ என்றால் 4.

முன்னுரையில் திருக்குறள் போட்டால் எத்தனை மார்க், மிஸ்?

நீ மாணவன் போலிருக்கிறது! இங்கே பேச்சு ஆசிரியர்கள் எப்படித் திருத்துவது என்பது. இருந்தாலும் சொல்கிறேன்: குறள் உன் காரணத்தைத் தாங்கினால் அந்த வரிசையில் பலன் உண்டு. அலங்காரத்துக்கு என்றால் ஒன்றுமில்லை.

என் மகள் நன்றாக வாதாடியிருந்தாள். ஒற்றுப்பிழைக்காகவே பாதி மதிப்பெண் போய்விட்டது. நியாயமா?

தாளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது அம்மா. என் கட்டத்தில் பிழை மொழி வரிசையை மட்டும்தான் தொடும். 4-க்கு மேல் போகாது. ஒரே பிழைக்கு இரண்டு வரிசையில் வெட்டுவது வழக்கமாக நடக்கும் தப்பு. ஒரே ஒற்றுப்பிழை பத்து இடத்தில் வந்தால் ஒன்றா பத்தா என்பதில் எங்கள் ஆசிரியர் அறையிலேயே சண்டை ஓயவில்லை. நான் ஒன்றாகத்தான் எண்ணுகிறேன்.

ஒரே தாளுக்குச் சக ஆசிரியர் 17, நான் 13. காரண வரிசையில்தான் இடிக்கிறது: அவர் 8, நான் 4.

அவர் காரணங்களை எண்ணியிருப்பார், நீங்கள் சான்றைத் தேடியிருப்பீர்கள். ‘வலுவான காரணங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களா? அந்தச் சொல்தான் குற்றவாளி. ‘இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு’ என்று மாற்றி, வேறு ஐந்து தாளை ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்துங்கள். எடுத்துக்காட்டே இல்லாமல் மூன்று காரணம் அடுக்கியவனுக்கு எந்த நிலை என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் 2-ஆம் நிலை தருவேன், அவர் ஒப்புவாரா தெரியாது.