நிற்கும்போது உரசாத கூடை ஓடும்போது உரசுவது ஏன்?

"சார், நான் சேலம் சூரமங்கலம். முன்னாடி ஷாக்கப் இருக்கிற 26 இன்ச் சைக்கிள். உழவர் சந்தைக்குப் போய்வர முன்னால் ஒரு கம்பிக்கூடை மாட்டினேன். மேலே ஹேண்டில்பாரில் ரெண்டு கிளாம்ப், கீழே ரெண்டு கம்பி வீல் நட்டில். கூடைக்கும் மட்கார்டுக்கும் நடுவே 5 செ.மீ. இருக்கு. வீட்டு வாசலில் எங்கேயும் உரசலை. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் 'கரக்'னு சத்தம். ஒரு பக்கக் கம்பி வளைஞ்சுபோச்சு. இடப்பக்கம் முழுசா திருப்பினால் பின் பிரேக் தானா பிடிக்குது. கிளாம்பை இன்னும் இறுக்கணுமா?"

கிளாம்பை இறுக்க வேண்டாம். முதலில் அந்த ரெண்டு கம்பிகளையும் கழற்றுங்கள்.

ஷாக்கப் இல்லாத சாதாரண சைக்கிளில் ஹேண்டில்பாருக்கும் முன் அச்சுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. அதில் இந்தக் கம்பிகள் கூடையை அருமையாகத் தாங்கும். உங்கள் சைக்கிளில் ஹேண்டில்பார் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது, அச்சு கீழே. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ரெண்டும் நெருங்கி வருகின்றன. கம்பியின் நீளமோ குறையாது. அதனால் ஒன்று கம்பி வளையும், இல்லையென்றால் கிளாம்ப் சுழன்று கூடையின் மூக்கு மேலே தூக்கும். கிளாம்பை இன்னும் இறுக்கினால் அடுத்ததாக வளைவது கூடையின் அடிப்பகுதிதான். கூடையைப் பிடிக்கும் எல்லா இடமும் ஸ்பிரிங்குக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது மேல்பக்கம்.

கம்பியைக் கழற்றும்போது வீல் நட்டும் தளரும். சக்கரத்தை நடுவில் நிறுத்தி, ரெண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கிவிட்டு, சுற்றிப் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

அடுத்து 5 செ.மீ. இடைவெளி. நிற்கும்போது அது தாராளமாகத்தான் தெரியும். ஷாக்கப்பில் பளபளவென்று வெளியே தெரியும் உள்குழாயை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஷாக்கப் அதற்கு மேல் அமுங்கவே முடியாது. ஒரு பேச்சுக்கு 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரமும், ஷாக்கப்பின் கீழ்க்கால்களில் மாட்டியிருக்கும் மட்கார்டும் சேர்ந்து 6 செ.மீ. வரை மேலே ஏறி வரலாம். தக்காளியும் வெங்காயமும் ஏற்றினால் கூடையும் ஒரு செ.மீ. தொங்கும். ஆக 7 செ.மீ. தேவை, உங்களிடம் இருப்பது 5. கையிருப்பாக இன்னும் ஒரு செ.மீ. சேர்த்து, கூடையை 3 செ.மீ. தூக்குங்கள்.

மட்கார்டைக் கழற்றிப் பார்த்தால் உரசுவது எது என்று அதுவே சொல்லிவிடும். மேல்முதுகில் குறுக்குக் கீறல் இருந்தால் கூடையின் அடிக்கம்பி இடிக்கிறது. உள்பக்கம் கறுப்பாக மினுமினுத்தால் டயர் தேய்க்கிறது, அதாவது மட்கார்டு ஷாக்கப்பின் மேல்தலையில் மாட்டப்பட்டிருக்கிறது அல்லது கூடை அதைக் கீழே அழுத்துகிறது. முதல் வகைக்குக் கூடையைத் தூக்கினால் போதும். இரண்டாவதற்கு மட்கார்டையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

கூடையைத் தூக்க எளிய வழி, அதன் முதுகில் இருக்கும் கொக்கித் தகட்டை ஒரு வரிசைக் கம்பி கீழே இறக்கி மாட்டுவது. கூடையின் வாய் ஹேண்டில்பாருக்கு மேல் கொஞ்சம் தெரியும், பாதகமில்லை. தகடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் ஆழம் குறைந்த கூடைதான் வாங்க வேண்டும்.

அச்சுக் கம்பிகள் போய்விட்டதால், கிளாம்ப் மட்டும் பிடித்தால் கூடை சுமையோடு முன்னால் தலைகுனியும். மூன்றாவது பிடி ஒன்று வேண்டும். ஷாக்கப்பின் ரெண்டு கால்களும் சேரும் மேல்தலையில், பெரும்பாலும் நடுவில் ஒரு போல்ட் ஓட்டை இருக்கும். அதிலிருந்து கூடையின் அடிக்கம்பிக்கு 3 மி.மீ. கனத்தில் ஓர் இரும்புப் பட்டையைச் சாய்வாக ஏற்றி மாட்டுங்கள். அந்தத் தலை ஸ்பிரிங்குக்கு மேல்பக்கம், ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். கீழ்க்கால்களை இணைக்கும் வளைவு பள்ளத்தில் மேலே வரும்போது பட்டையிலோ போல்ட்டிலோ முட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் இந்தப் பட்டையை ஃபிரேமின் முன்குழாயில் கட்டிவிடாதீர்கள். அந்தக் குழாய் திரும்பாது, ஹேண்டில் திரும்பும். ரெண்டையும் பிணைத்தால் வண்டி வளைவில் திரும்பாமல் நின்றுவிடும்.

கிளாம்ப் விஷயத்தில் ஒரு சின்ன வேலை. ஹேண்டில்பார் பலவற்றில் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். தடிப்பு மெலியும் சரிவில் கிளாம்ப் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மெல்ல நழுவும். ரெண்டையும் ஒரே கனமுள்ள நேர்ப்பகுதியில் வையுங்கள். பழைய டியூபைக் கிளாம்ப் அகலத்துக்கு வெட்டி ஒரே சுற்று சுற்றுங்கள். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் தூக்கி நிற்கும். ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்வரை மாற்றி மாற்றி இறுக்கினால் போதும். ரப்பர் படிந்து தளரும், ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்குங்கள். அதிர்வில் தளராத நைலாக் நட்டு போடுங்கள். போல்ட்டின் தலை பிரேக் ஒயர் பக்கம் இருக்கட்டும். மரைமுனை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஒயரின் மேலுறையை ரம்பம் மாதிரி அறுத்துவிடும்.

பின் பிரேக் தானாகப் பிடிப்பது இடநெருக்கடி. ஹேண்டில் திரும்பும்போது அந்த ஒயர் முன்னால் வளைந்து விரிய வேண்டும், கூடையின் முதுகு அதை நசுக்குகிறது. ஹேண்டிலுக்கும் கூடைக்கும் நடுவே 3 செ.மீ. குழாய்த்துண்டு வைத்துத் தள்ளி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒயரைக் கூடையின் வலைக்குள் நுழைப்பதும், டேக் போட்டுக் கூடையோடு கட்டுவதும் வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். சக்கரம் வேகம் குறைந்தால் ஒயர் இன்னும் இழுபடுகிறது. அப்போது நீளமான ஒயர் மாற்றுவதே வழி.

கடைசியாகச் சமையலறையிலிருந்து கொஞ்சம் சப்பாத்தி மாவு கேட்டு வாங்குங்கள். 2 செ.மீ. உயரத்துக்கு ஓர் உருண்டை பிடித்து, கூடைக்கு நேர்கீழே மட்கார்டின் மேல் ஒட்டுங்கள். கூடையில் நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடையை வைத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி உடம்பின் பாரம் முழுவதையும் ஹேண்டிலில் போட்டுப் பலமுறை அமுக்குங்கள். உருண்டை அப்படியே இருந்தால் நல்லது. தட்டையானால் மிச்சமிருக்கும் மாவின் கனம்தான் உங்கள் உண்மையான இடைவெளி. அது ஒரு செ.மீ.க்குக் குறைந்தால் இன்னும் தூக்குங்கள்.

ஏற்காடு மலைப்பாதைக்கு இதே சைக்கிளை எடுத்துப்போகிறவர்கள் கூடையைக் காலியாக வைத்திருப்பது நல்லது. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது முன் பிரேக் பிடித்தபடியே வருவோம். ஷாக்கப் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும், அதன் மேல் ஒரு பள்ளம் வந்தால் முழுசாக அமுங்கிவிடும். சந்தைச் சுமைக்கும் கூடையில் எழுதியிருக்கும் எடையே வரம்பு. எதுவும் எழுதவில்லை என்றால் நான் 3 கிலோவோடு நிறுத்துவேன். வாரத்துக் காய்கறி மொத்தமும் வர வேண்டுமென்றால் அது பின் கேரியருக்கான சுமை.