திருவிழா என்றாலே ஒதுங்கும் மருமகள்

"சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறோம். மருமகள் மட்டக்களப்புப் பெண். 2003-இல், 14 வயதில், இயக்கம் பிடித்துக்கொண்டு போனதாம். அடுத்த வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். போன மாதம்தான் மகனிடம் சொன்னாள். 13 வயதுப் பேத்தியைக் கோயில் திருவிழாவுக்கு விடவே மாட்டாள். ராத்திரி வாசலில் வேன் நின்றால் விளக்கை அணைத்துவிடுவாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் பேச வைக்கலாமா? எங்கே கூட்டிப் போவது?"

பேச வைக்க வேண்டாம் அம்மா. அவளாக ஆரம்பித்தால் காது கொடுங்கள், அதுவே போதும். அவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்பது தெரிந்தால் உங்களுக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம் வந்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததே தவிர, கிழக்கில் புலிகள் பிள்ளைகளைச் சேர்ப்பது நிற்கவில்லை. வறுமையாலும் வீட்டுப் பிரச்சினையாலும் தாமாகப் போன பிள்ளைகளும் உண்டு. ஆனால் மட்டக்களப்பில் வழக்கமாக நடந்தது 'வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்ற கணக்கு. முதலில் வீட்டுக்கு வந்து கேட்பார்கள், பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள், அப்புறம் மிரட்டல். அதற்கும் மசியாத வீட்டில் ராத்திரி வந்து தூக்கிப் போவதும் நடந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும் பிள்ளைகளைப் பிடித்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. திருவிழாவில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், பிடிக்கிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன? உங்கள் மருமகள் பயப்படுவது சாமிக்கும் இல்லை, மேளத்துக்கும் இல்லை.

'ஏன் தப்பி ஓடவில்லை?' என்று மட்டும் யாரும் அவளிடம் கேட்க வேண்டாம். ஓடிப் பிடிபட்டவர்களை மற்றப் பிள்ளைகள் முன்னால் வைத்து அடிப்பார்கள். ஓடியவன் கிடைக்காவிட்டால் வீட்டில் இன்னொருவரைக் கொண்டுபோவார்கள். பெண் பிள்ளைகளுக்கு முடியைக் குட்டையாக வெட்டிவிடுவதால், வெளியே வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும்.

மீட்பு என்று காகிதத்தில் ஒன்று இருந்தது. 2003-இல் யூனிசெஃப் துணையோடு அரசும் புலிகளும் ஒரு செயல்திட்டத்துக்கு ஒப்புக்கொண்டு, கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் திறந்தார்கள். விடுவிக்கப்படும் பிள்ளையை அங்கே கொஞ்ச காலம் வைத்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வீடு பாதுகாப்பானதா என்று பார்த்து ஒப்படைத்து, பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்த்து, பிறகும் போய்ப் பார்ப்பது. முறை சரிதான். ஆனால் விட்டதைவிடப் புதிதாகப் பிடித்தது அதிகம்.

அவள் சொல்லும் வருஷத்தைப் பார்த்தால், இந்த வழியாக வந்தவளாகத் தெரியவில்லை. 2004 மார்ச்சில் கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா அவர்களிடமிருந்து பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் ஆற்றுப் பக்கம் சண்டை மூண்டதும் தன் படையைக் கலைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் திடீரென்று வீடு திரும்பினார்கள். ஆயத்தம், ஆலோசனை, பின்தொடர்தல் எதுவும் முன்கூட்டி இல்லை. யூனிசெஃப் பின்னால் ஓடிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சில மாதத்திலேயே புலிகள் அதே பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வந்தார்கள். பெற்றோர் பிள்ளையை உறவினர் வீட்டில் ஒளித்தார்கள், பெண்ணாக இருந்தால் அவசரமாகக் கல்யாணம் செய்தார்கள். 2006-இல் கருணா குழுவே அதே மாவட்டத்தில் பையன்களைக் கடத்தத் தொடங்கியது. ஆக, வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு அது முடிந்த கதையாக இருந்திருக்காது. வேனுக்கு விளக்கை அணைப்பது அந்த நாளில் பிழைக்கக் கற்றுக்கொண்ட பழக்கம். மகளுக்கு இப்போது அவள் பிடிபட்ட வயது நெருங்குவதால் பயம் மறுபடி தலைதூக்கியிருக்கலாம்.

சியரா லியோனில் இப்படித் திரும்பிய பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில், ஊரும் குடும்பமும் ஏற்றுக்கொண்டவர்கள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஒதுக்கிப் பேசியவர்கள் நடுவே இருந்தவர்களுக்குச் சிக்கல் கூடியிருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டு விசாரணையை நீங்கள் வாசலோடு நிறுத்துவதே அவளுக்குப் பெரிய சிகிச்சை. குடும்ப வாட்ஸ்அப்பிலும் இதை எழுத வேண்டாம். மலேசியாவில் புலிகள் தடை செய்யப்பட்ட அமைப்பு. வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவள் என்றுதான் போர்ப் படைகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 2007 பாரிஸ் கோட்பாடுகள் சொல்கின்றன. இருந்தாலும் அரைகுறைச் செய்தி பரவினால் விசா விஷயத்தில் தலைவலி வரலாம். அப்படி ஏதாவது எழுந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

தூக்கம் கெட்டு, கெட்ட கனவு வந்து, வேலையும் சாப்பாடும் பாதிக்கப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அரசாங்க கிளினிக்கில் சொல்லி மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். வெளிநாட்டவர் கட்டணம் கூடுதலாக இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க மகனையோ பேத்தியையோ உட்கார வைக்காதீர்கள், தமிழ் பேசும் டாக்டரையோ தாதியையோ கேளுங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

திருவிழாவுக்கு அவளை வற்புறுத்தாதீர்கள். பேத்தி போக ஆசைப்பட்டால், பகலில், யாரோடு போகிறாள், எந்த நேரத்துக்குத் திரும்புவாள் என்று முதல் நாளே மருமகளிடம் சொல்லிவிட்டு நீங்களே கூட்டிப் போங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.