பகுதியில் ஒரு பூச்சியம் – கடிதம்

வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. எண்முறைகள் பாடத்தில், டெய்லர் தொடரின் கெழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு பாடே தோராயம் என்று ஒரு பின்னம் அமைக்கச் சொல்கிறார்கள். tan x-க்கு x = 1.5 போட்டுப் பார்த்தேன். டெய்லர் விடை படுமோசம், அதே கெழுக்களில் செய்த பின்னமோ கிட்டத்தட்ட சரியாக வருகிறது. புதிதாக எந்தத் தகவலையும் நாம் உள்ளே விடவில்லையே, பிறகு இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? இதை எல்லா இடத்திலும் நம்பலாமா? வகுப்பில் கேட்டதற்கு "ஃபார்முலாவைப் போடு, மார்க் வரும்" என்று பதில் வந்தது.

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

மார்க் வரும்தான். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் ஃபார்முலாவில் இல்லை, கெழுக்களில் இருக்கிறது. முதலில் தொடரை எழுதிக்கொள்வோம்:

tan x = x + x³/3 + 2x⁵/15 + 17x⁷/315 + …

x = 1.5-க்கு முதல் மூன்று உறுப்புகள் 1.5, 1.125, 1.0125. கூட்டினால் 3.6375. உண்மையான மதிப்பு 14.1014. நான்காவது உறுப்பு 0.922, ஐந்தாவது 0.841. உறுப்புகள் சிறுத்துக்கொண்டுதான் போகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதில் சுமார் 0.91 பங்கு. இந்த வேகத்தில் போனால் 14-ஐ எட்ட நெடுநேரம் ஆகும்.

இப்போது x-ஐ மறந்துவிட்டுக் கெழுக்களை மட்டும் பாருங்கள். 2/15-ஐ 1/3-ஆல் வகுத்தால் 0.4. 17/315-ஐ 2/15-ஆல் வகுத்தால் 0.4048. மேலே போகப் போக இந்த விகிதம் 0.4053-இல் போய் நிற்கும். அந்த எண் வேறொன்றுமில்லை, (2/π)². tan x முடிவிலிக்கு ஓடும் இடம், அதாவது அதன் துருவம், π/2-இல் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்ற செய்தி, பூச்சியத்தில் எடுத்த கெழுக்களின் விகிதத்தில் முன்பே பதிந்திருக்கிறது. நீங்கள் உள்ளே விடாத தகவல் என்று ஏதும் இல்லை. முதல் மூன்று கெழுக்களிலேயே 0.4 என்று அது வந்துவிட்டது.

டெய்லர் கோவையை மூன்று உறுப்போடு வெட்டும்போது நாம் என்ன சொல்கிறோம்? "இனி வரும் கெழுக்கள் எல்லாம் பூச்சியம்" என்கிறோம். அதுவும் ஓர் ஊகம்தான், அதுவும் மிக மோசமான ஊகம். பின்னம் அமைக்கும்போது, "இனி வரும் கெழுக்கள் இதே விகிதத்தில் தொடரும்" என்கிறோம். துருவத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது ஊகம்தான் உண்மைக்கு நெருக்கம், ஏனென்றால் ஒரு துருவம் கெழுக்களுக்குச் செய்வதே அதுதான்: அவற்றைப் பெருக்குத் தொடர் மாதிரி நடக்கவைக்கிறது.

கணக்கைக் கையால் போட்டால் இது கண்ணுக்குத் தெரியும். x²-ஐ y என்று வைத்து, tan x-ஐ x-ஆல் வகுத்துவிடுங்கள். 1 + y/3 + 2y²/15 கிடைக்கும். இதை (1 + py)/(1 + qy) என்ற பின்னத்துக்குச் சமமாக்க வேண்டும். பகுதியை இந்தப் பக்கம் கொண்டுவந்து பெருக்குங்கள். தொகுதியில் y² இல்லை, ஆகவே பெருக்கலிலும் y²-இன் கெழு பூச்சியமாக வேண்டும்: 2/15 + q/3 = 0. அதாவது q = −2/5. பிறகு p = 1/3 − 2/5 = −1/15. நீங்கள் பார்த்த அந்த 0.4 இங்கே q-ஆக உட்கார்ந்துவிட்டது. 15-ஆல் பெருக்கி எழுதினால்:

tan x ≈ x(15 − x²)/(15 − 6x²)

x = 1.5 போடுங்கள். தொகுதி 1.5 × 12.75, பகுதி 15 − 13.5 = 1.5. விடை 12.75. அதே மூன்று கெழுக்கள் டெய்லரில் தந்தது 3.64. பின்னத்தை மறுபடி தொடராக விரித்தால் அது ஊகித்த நான்காவது கெழு 4/75, அதாவது 0.0533 என்று வரும். உண்மையான 17/315 என்பது 0.0540. நாம் தராத கெழுவையே ஒரு சதவீதம் சொச்சம் பிழையோடு அது சொல்லிவிட்டது!

பகுதி எங்கே பூச்சியமாகிறது? x² = 2.5-இல், அதாவது x = 1.5811. உண்மையான துருவம் 1.5708. நான்காவது கெழுவையும் சேர்த்துக்கொண்டு பகுதியின் படியை உயர்த்தினால் x(105 − 10x²)/(105 − 45x² + x⁴) என்று வரும். இதன் துருவம் 1.5712-இல், 1.5-இல் மதிப்பு 14.0426. இந்த அளவுத் துல்லியத்துக்கு டெய்லர் தொடரில் சுமார் 60 உறுப்புகள் வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது துருவத்துக்கு அப்பால் நடப்பது. x = 2-இல் டெய்லர் தொடர் எத்தனை உறுப்பு சேர்த்தாலும் பயனில்லை, ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடப் பெரிது, கூட்டல் மேலே போய்க்கொண்டே இருக்கும். உண்மையான tan 2 எதிர் எண், −2.185. சிறிய பின்னம் −2.444 தருகிறது, பெரியது −2.203. பல்லுறுப்புக்கோவையால் எந்த முடிவுள்ள இடத்திலும் முடிவிலியை எட்ட முடியாது, எட்டினால்தானே அதைத் தாண்ட. பின்னத்துக்கு அந்தச் சிக்கலே இல்லை, பகுதி குறி மாறினால் போதும். இதே பின்னங்களை 1761-இலேயே லாம்பர்ட் tan x-க்குத் தொடர்பின்னமாக எழுதிவிட்டார், π விகிதமுறா எண் என்று நிறுவுவதற்காக. பாடே தன் ஆய்வேட்டில் இவற்றை அட்டவணையாக ஒழுங்குபடுத்தியது 1892-இல்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லா இடத்திலும் நம்பலாமா? கூடாது.

முதலில், துருவத்துக்கு மிக அருகே. x = 1.57 என்று வையுங்கள். tan x சுமார் 1255.8. பெரிய பின்னம் தருவது சுமார் 813. காரணம் எளிது: அந்தப் பின்னத்தின் துருவம் 0.0004 தள்ளி இருக்கிறது, நீங்கள் நிற்பதோ உண்மையான துருவத்திலிருந்து 0.0008 தூரத்தில். துருவம் இடம் தவறிய அளவைவிட நீங்கள் நிற்கும் தூரம் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் விடையை நம்பலாம். அதே பின்னத்தின் பகுதிக்கு இன்னொரு மூலமும் உண்டு, 6.52-இல். tan x-இன் அடுத்த துருவமோ 4.71-இல். அந்த இரண்டாவது மூலத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது, நான்கு கெழுக்களால் அவ்வளவு தூரம் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

துருவமே இல்லாத சார்பில் லாபம் சுருங்கிவிடும். eˣ-க்கு x = 1-இல் ஐந்து உறுப்பு டெய்லர் 2.7083, அதே கெழுக்களின் பின்னம் 19/7 = 2.7143, உண்மை 2.7183. மேல்தான், ஆனால் பிழை இரண்டரை மடங்கு குறைகிறது, அவ்வளவே.

உண்மையான ஆபத்து மூன்றாவது. கெழுக்களில் சிறு பிழை இருந்தால், வேண்டியதைவிடப் பெரிய படியில் பின்னம் கேட்டால், இல்லாத துருவங்கள் முளைக்கும். 1/(1 − y)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கெழுவும் 1, ஒரே துருவம் y = 1-இல். y³-இன் கெழுவை மட்டும் 1.001 என்று தவறாக எழுதிவிட்டு, மேலும் கீழும் இரண்டாம் படி கேளுங்கள். வருவது:

(1 + 2y − 0.001y²)/(1 + y − 2.001y²)

பகுதியின் ஒரு மூலம் 0.9997. நல்லது, அது நாம் தேடியது. இன்னொரு மூலம் −0.49992-இல். அங்கே மூலச் சார்பு எந்தத் தொல்லையும் இல்லாமல் 2/3 என்ற மதிப்போடு இருக்கிறது! பிழையை 0.001-இலிருந்து 0.000001 ஆக்கினாலும் இந்தப் பொய்த் துருவம் மறையாது, −0.5-ஐ இன்னும் நெருங்கி நிற்கும். பிழையே இல்லாவிட்டால் சமன்பாடுகள் ஒன்றையொன்று சார்ந்துபோய்த் தனித் தீர்வே கிடைக்காது. அதனால்தான் எவ்வளவு சிறிய பிழையும் அங்கே தீர்வைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தொகுதியின் மூலங்களையும் எடுத்துப் பாருங்கள். இங்கே ஒன்று −0.49988-இல் இருக்கிறது, பொய்த் துருவத்தை ஒட்டியபடியே. இப்படி ஒட்டிப் பிறந்த ஜோடிக்கு ஃப்ராய்ஸார் இரட்டை என்று பெயர். ஜோடியாக வந்தால் சந்தேகப்படுங்கள். அதோடு படியை ஒன்று கூட்டியும் குறைத்தும் பாருங்கள். உண்மையான துருவம் 1.5811, 1.5712 என்று ஓர் இடத்தை நோக்கிப் போகும், பொய்யானது இடம் மாறும் அல்லது காணாமல் போகும்.

பைத்தானில் செய்வதானால்:

```python
from scipy.interpolate import pade
p, q = pade([1, 1/3, 2/15], 1)
print(p.r, q.r)
```

பட்டியலில் உள்ளவை y-இன் கெழுக்கள், 1 என்பது பகுதியின் படி. p.r தொகுதியின் மூலத்தையும் q.r பகுதியின் மூலத்தையும் தரும்: முறையே 15, 2.5. இரண்டும் தூரத்தில் இருக்கின்றன, ஆகவே 2.5-ஐ நம்பலாம். அதன் வர்க்கமூலம்தான் நீங்கள் முன்பு பார்த்த 1.5811. ஆய்வகத்தில் அளந்த தரவிலிருந்து கெழுக்களை எடுத்திருந்தால் பகுதியின் படியை ஒன்றில் தொடங்குங்கள். புதிதாகச் சேரும் துருவம் அடுத்த படியிலும் அதே இடத்தில் நின்றால் மட்டும் மேலே போங்கள்.