சூரணத்தை நிறுத்தினால் நாலு நாள் ஒன்றுமில்லை: குடல் செத்துவிட்டதா?

"எனக்கு 57 வயசுங்க. பல்லடம் பக்கம் தறிக் குடோன்ல வேலை. மூணு வருசமா சந்தையில வாங்கற சூரணத்தை ராத்திரி ஒரு ஸ்பூன் போட்டாத்தான் காலைல வெளிக்கி போகுது. இப்ப ரெண்டு ஸ்பூன் போட்டாலும் சரியாப் போறதில்லீங்க. விட்டா நாலு நாளைக்கு ஒண்ணுமே இல்லை. இசப்கோல் போட்டுப் பார்த்தேன், வயிறு உப்புசம்தான் மிச்சம். பிரஷர் மாத்திரை, கால்சியம், ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை மூணும் சாப்பிடறேன். குடல் சோம்பேறி ஆயிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இதுல இருந்து வெளிய வர முடியுங்களா?"

முடியும் அம்மா. உங்கள் குடல் செத்துவிடவில்லை. அந்த நாலு நாளில் முதல் இரண்டு நாள் நோயே இல்லை.

பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். சாப்பிட்டது அதற்குள் வந்து, தண்ணீர் உறிஞ்சப்பட்டு, இறுகி, கடைசிப் பகுதிக்கு வந்து சேர ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். ஆரோக்கியமானவருக்குக் காலையில் காலியாவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதிதான். சந்தைச் சூரணங்களில் முக்கியச் சரக்கு பெரும்பாலும் நிலாவரை இலை. அது பெருங்குடலைச் சுருங்கித் தள்ள வைக்கும், தண்ணீரையும் உறிஞ்ச விடாது. ராத்திரி போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். கடைசிப் பகுதியோடு நிற்காமல், இன்னும் பக்குவப்படாத மேல் பகுதியையும் சேர்த்து இறக்கிவிடும். எல்லாம் போய்விட்ட பிறகு அடுத்த நாள் வருவதற்கு உள்ளே என்ன இருக்கும்? நிறைய இரண்டு நாளாவது வேண்டும். அந்த இரண்டு நாளைச் சிக்கல் என்று நினைத்துப் பயந்துதான் அடுத்த ஸ்பூன் போடப்படுகிறது. மூன்றாம் நாளும் நாலாம் நாளும்தான் உங்களுடைய நிஜமான மலச்சிக்கல். வைத்தியம் அதற்குத்தான் தேவை.

வைத்தியத்துக்கு முன்னால், நீங்கள் சாதாரணமாகச் சொல்லிப்போன ஒரு விஷயம். ரத்தம் ஊற மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மாதவிடாய் நின்ற வயதில் இரும்புச்சத்து ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? இந்த வயதில் ரத்தசோகையும் மலச்சிக்கலும் ஒன்றாக இருந்தால், குடலில் எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். புற்றுநோய்க் கட்டியும் அப்படி ஆரம்பிக்கலாம். ஹீமோகுளோபினையும், உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்து, இரும்புக் குறைவு உறுதியானால், குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் செய்ய வேண்டும். ரத்தம் குறைவு என்றால் சீட்டில் இரும்பு மாத்திரை, மலம் இறுகினால் அதற்குக் கீழே இன்னொரு மருந்து, "ஏன்" என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு ஆளைப் பார்த்து அனுப்பும் ஓபியில் இதுதான் நடக்கிறது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அதே சீட்டில் உள்ள மூன்று மாத்திரைகளுமே மலத்தை இறுக்கக் கூடியவை. இரும்பு பலருக்கு இறுக்கும். தினமும் போடுவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் உடம்பில் நன்றாகச் சேரும், வயிற்றுக்கும் தொந்தரவு குறையும், டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். கால்சியம் கார்பனேட் இறுக்கும். பிரஷர் மாத்திரைகளில் வெரபமில் என்பது இதில் பேர்போனது. அம்லோடிபினும் சிலருக்கு இறுக்கும். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது, மாற்றித் தரச் சொல்லுங்கள். கூடவே ஒருமுறை தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தில் கால்சியம் மூன்றும் பார்த்துவிட்டால் போதும்.

இனி சூரணம். நிலாவரை விஷமல்ல, அளவு தெரிந்த மாத்திரையாக ஆங்கில மருத்துவத்திலும் தருகிறோம். அதனால் குடல் நரம்பு செத்துப்போகும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. குடலின் உள்தோல் கொஞ்சம் கறுக்கும், நிறுத்தினால் அதுவும் மாறிவிடும். என் சண்டை அந்தப் பொட்டலத்தோடுதான். சட்டப்படி சித்த மருந்து டப்பாவில் உரிம எண், சரக்குகளின் பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். சந்தையில் துணி விரித்து ஸ்பூன் கணக்கில் அள்ளிக் கொடுப்பதில் எதுவும் இருக்காது. ஒரு வாரத்துப் பொட்டலமும் அடுத்த வாரத்துப் பொட்டலமும் ஒரே வீரியம் என்று யார் சொல்ல முடியும்? இரண்டு ஸ்பூன் போட்டுத் தண்ணீராகப் போகும்போது பொட்டாசியமும் சேர்ந்து போகும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், கைகால் சோரும், நெஞ்சு படபடக்கும். உங்களுக்கு இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். "குடல் கழுவித் தருகிறோம், பத்து வருசத்துக் கழிவு வெளியே வரும்" என்று பேக்கேஜ் போட்டு ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள் பக்கமே போகாதீர்கள். குடலில் பத்து வருசத்துக் கழிவு ஒட்டியிருப்பதில்லை. கொட்டமுத்து எண்ணெய் என்னும் விளக்கெண்ணெய் குடித்து மாதம் ஒரு பேதி என்பதும் வேண்டாம், அது இதே காலிக் குடல் கதையைத்தான் திரும்ப ஆரம்பித்து வைக்கும்.

சூரணத்தை நிறுத்திய அன்றே அதன் இடத்தில் வேறு வகை மருந்து வரவேண்டும். குடலை விரட்டாமல், மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வகை அது. அதில் முதலிடம் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடருக்கு. ஒரு வேளைக்கு 17 கிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தினமும் ஒரு முறை. கடையில் கேட்கும்போது கவனம்: இதே மருந்தில் 100 கிராமுக்கு மேல் உள்ள பெரிய பாக்கெட்டும் உண்டு, கொலோனோஸ்கோப்பிக்கு முன் 2 லிட்டர் தண்ணீரில் கலந்து குடலைக் காலி செய்ய. அதைக் கொடுத்துவிட்டால் நாள் முழுக்கக் கழிப்பறையில்தான். பவுடர் கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ் சிரப் 15 முதல் 30 மில்லி. இனிக்கும், சிலருக்கு வாயு உண்டாகும். இரண்டுமே ஒரு ராத்திரியில் வேலை செய்யாது. இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். மலம் தண்ணீராகப் போனால் அளவைப் பாதியாக்குங்கள். மாதக்கணக்கில் சாப்பிடலாம்.

மூன்று நாளாகியும் வரவில்லையென்றால், அப்போதுதான் தள்ளும் வகை. பிசகோடில் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ராத்திரி, நுணுக்காமல் முழுதாக, பாலோடும் வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்க்காமல். அல்லது காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஆசனவாயில் வைக்கும் 10 மில்லிகிராம் மாத்திரை, அரை மணி ஒரு மணியில் வேலை செய்யும். வாரத்தில் ஒன்றிரண்டு முறை, அவசரத்துக்கு மட்டும். ஆனால் வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் எந்த மருந்தும் வாயில் போடாமல் நேராக ஆஸ்பத்திரி.

இசப்கோல் உங்களுக்கு ஏன் உப்பியது? உள்ளே ஏற்கெனவே இறுகி நின்றதன் மேல் இன்னும் சரக்கை ஏற்றிவிட்டீர்கள், தண்ணீரும் போதவில்லை. மருந்து வேலை செய்து பாதை திறந்த பிறகு, ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன்னே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். உலர்ந்த உமியை வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கூட்டி மூன்றில் நிறுத்துங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இது கஞ்சிபோல் குழைந்து மலத்தை இளக்கும் நார். கோதுமைத் தவிடு போன்ற கரடுமுரடான நார் வேறு ரகம், உப்புசம் உள்ள வயிற்றுக்கு இப்போது அது வேண்டாம். சோற்றில் நார் மிகக் குறைவு. 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை, ராகியில் 11 கிராம் வரை உண்டு. மூன்று வேளையும் அரிசி என்பதில் ஒரு வேளையை ராகிக் களியாகவோ கம்பஞ்சோறாகவோ மாற்றி, கூட பச்சப்பயறு கடையலோ தட்டப்பயறோ வையுங்கள்.

தண்ணீர் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும், சித்திரை வெயிலில் தறிக் குடோனுக்குள் இருந்தால் இன்னும் அரை லிட்டர் கூடுதலாக. அதற்கு மேல் குடம் குடமாகக் குடித்தாலும் மூத்திரமாகத்தான் போகும், மலம் இளகாது. குடோன்களில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள், அதைக் கேட்பாரும் இல்லை. இடையில் குடிக்க முடியாவிட்டால் வேலைக்கு முன் இரண்டு டம்ளர், சாப்பாட்டோடு இரண்டு, வீடு திரும்பியதும் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இருதயம் பலவீனம், சிறுநீரகக் கோளாறு என்று சொல்லி டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கில்லை. இதை ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். கால் வீங்கியிருப்பவர், படுத்தால் மூச்சு வாங்குபவர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருப்பவர், இவர்கள் தண்ணீரைக் கூட்டக் கூடாது. தண்ணீரைக் கூட்ட முடியாதவர் இசப்கோலும் போடக் கூடாது. மக்னீசியம் உள்ள வெள்ளை மருந்தும், பாஸ்பேட் எனிமாவும் சிறுநீரகம் கெட்டவரின் உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் கடைகளில் கேட்டதும் எடுத்துத் தரும் கலவை மருந்துகள் பலவற்றின் லேபிளில் லிக்விட் பாரபின், மில்க் ஆஃப் மக்னீசியா என்று சேர்ந்தே இருக்கும். கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டு எடுத்துக் கொடுக்கும் கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு பிரஷர் இருப்பதால் ஒருமுறை கிரியாட்டினின் பார்த்துவிட்டே தண்ணீரைக் கூட்டுவதையும் இசப்கோலையும் ஆரம்பியுங்கள்.

இத்தனையும் நாலு வாரம் செய்தும், மலம் இளகிவிட்டது, ஆனால் முக்கினால்தான் வருகிறது, விரலால் அழுத்த வேண்டியிருக்கிறது, போன பிறகும் மிச்சம் நிற்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் குடலில் இல்லை. திறக்க வேண்டிய நேரத்தில் ஆசனவாய்த் தசை இறுகுகிறது. இதற்கு எந்தப் பேதி மருந்தும் உதவாது, நாரைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். விரல் விட்டுப் பரிசோதித்தாலே பாதி தெரிந்துவிடும். அது விட்டுப்போனால் "பரிசோதனை செய்யுங்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு மானோமெட்ரி என்ற அழுத்தப் பரிசோதனை, தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி. இவை ஊருக்குப் பக்கத்தில் கிடைப்பது அரிது, கோயம்புத்தூரில் குடல் மருத்துவத் துறை உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க வேண்டும். அதுவரை, காலைப் பலகாரம் முடிந்து கால் மணி நேரத்தில் போய் உட்காருங்கள், சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானே அசையும் நேரம் அது. முட்டி வலிக்காக மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காருபவராக இருந்தால், முட்டி இடுப்பைவிட உயர்ந்து நிற்கும்படி கால்களுக்கு அடியில் அரை அடி உயர மணை போட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்பக்கம் சாயுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் முக்காமல் எழுந்துவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளோடு, மிச்சமிருக்கும் அந்தச் சூரணப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள்.