அம்மாவின் மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது?

“நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. மருந்தியல் தேர்வுக்காக நாளொன்றுக்குப் பத்து மருந்து வீதம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். நாற்பதைத் தாண்டுவதற்குள் முதல் பத்து மறந்துவிடுகிறது. வீட்டிலும் அமைதி இல்லை. போன மாதம் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரமாக இரவெல்லாம் வறட்டு இருமல். அந்தச் சத்தத்தில் படிப்பது ஏறுவதே இல்லை. மருந்துப் பெயர்களை மறக்காமல் இருக்க வழி சொல்லுங்கள்.”
— வாசகி, விழுப்புரம்

மாற்றிக் கொடுத்த அந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுத மறந்தீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அந்த அட்டையைத் திருப்பியே பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நாற்பது மருந்துகளை நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த அறையில் பெற்ற தாய் தினமும் விழுங்குகிற ஒரே ஒரு மருந்தைப் படிக்கவில்லை. அவர் இருமுவது உங்களுக்குப் படிப்பைக் கெடுக்கும் சத்தமாக மட்டும் கேட்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மருத்துவப் படிப்பு எதைப் படித்தாலும், அந்த வீட்டு மருந்துச் சீட்டைப் படிப்பது அன்று முதல் அவர் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே இந்தப் பதிலைக் கீழே வைப்பதற்கு முன் எழுந்து போய் அட்டையைப் பாருங்கள். கம்பெனி பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பெயர் வேண்டாம். அது விற்பனைக்காக வைத்த பெயர், அதில் எந்த இலக்கணமும் இல்லை. மில்லிகிராம் அளவை ஒட்டி அச்சிட்டிருக்கும் மருந்தின் பொதுப்பெயர்தான் நமக்கு வேண்டியது.

அந்தப் பெயரின் கடைசி அசை என்ன? உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் பொதுப்பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வருகிறது. ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே பொது உறுப்பு அந்தப் பெயர்களில் இருக்கும். எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் ஆகியவை ‘ப்ரில்’ குடும்பம். லோசார்டான், டெல்மிசார்டான் ஆகியவை ‘சார்டான்’ குடும்பம். அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை ‘டிபின்’ குடும்பம்.

உங்கள் அம்மாவின் மாத்திரை ‘ப்ரில்’ என்று முடிந்தால், அந்த இருமலுக்கு அதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் உடலில் ஏ.சி.இ. என்றொரு நொதி இருக்கிறது. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உண்டாக்குவது அதன் ஒரு வேலை; பிராடிகினின் என்ற இன்னொரு பொருளைச் சிதைப்பது மற்றொரு வேலை. ‘ப்ரில்’ மருந்துகள் இந்த நொதியைத் தடுப்பதால் ரத்தக் குழாய் தளர்ந்து அழுத்தம் குறைகிறது. ஆனால் சிதைக்கப்படாத பிராடிகினின் மூச்சுக் குழாயில் சேர்ந்து, சளியில்லாத வறட்டு இருமலைத் தூண்டுகிறது. ‘சார்டான்’ மருந்துகள் நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் அடைக்கின்றன. அதனால் அவற்றில் இந்த இருமல் மிக அரிது. இந்தக் காரணம் புரிந்த பிறகு “ப்ரில் வந்தால் இருமல், சார்டான் வந்தால் சாந்தம்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எத்தனை மாதமானாலும் மறக்காது. காரணம் தெரியாமல் இதே வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தால், உங்கள் நோட்டின் நாற்பத்தொன்றாவது வரியாக அதுவும் போய்விடும்.

நோட்டை இனி மருந்துக்கு ஒரு வரியாக எழுதாமல், குடும்பத்துக்கு ஒரு பக்கமாக எழுதுங்கள். ‘ப்ரில்’ பக்கத்தில் எனாலாப்ரிலை மூத்தவராக வைத்து அதை மட்டும் முழுமையாகப் படியுங்கள்: எப்படி அழுத்தத்தைக் குறைக்கிறது, என்ன தொல்லை தரும் (இருமல், ரத்தத்தில் பொட்டாசியம் உயர்தல், முதல் வேளையில் தலைசுற்றல்), கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் (ரத்த அழுத்தம், பொட்டாசியம், கிரியாட்டினின்), யாருக்குக் கொடுக்கவே கூடாது (கருவுற்ற பெண்களுக்கு). அதன் கீழே மற்றவற்றுக்கு வேறுபாட்டை மட்டும் எழுதினால் போதும். காப்டோப்ரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் நாளில் இரண்டு மூன்று வேளை. லிசினோப்ரில் கல்லீரலில் மாற்றமடையாமலே வேலை செய்யும். ‘சார்டான்’ பக்கம் இன்னும் சுருக்கமானது: இருமலை அடித்துவிட்டு, பொட்டாசியம், சிறுநீரகம், கர்ப்பம் ஆகிய எச்சரிக்கைகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் படித்தால் இரண்டு குடும்பம் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த வழியிலும் வழுக்குகிற இடம் உண்டு. பெயரின் வாலை, அதாவது அந்தக் கடைசிப் பகுதியை, மிகக் குட்டையாகப் பிடிப்பவர்கள்தான் அங்கே விழுகிறார்கள். ‘அஸோல்’ என்று மட்டும் நினைவில் வைத்தவர், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோலையும், பூஞ்சைக்கான ஃப்ளூகோனஸோலையும், அமீபாவுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடஸோலையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிடுவார். ‘ப்ரஸோல்’, ‘கோனஸோல்’, ‘நிடஸோல்’ என்று முன் அசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதும் அரிபிப்ரஸோல் ஏமாற்றும். அது மனநோய்க்கான மருந்து, அதன் வால் ‘பிப்ரஸோல்’. கொழுப்பைக் குறைக்கும் குடும்பத்தின் வாலும் வெறும் ‘ஸ்டாடின்’ இல்லை, ‘வாஸ்டாடின்’: அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின். அந்த ‘வா’ இல்லாத நிஸ்டாடின், வாய்ப்புண் பூஞ்சைக்கானது. டிகாக்சின், லித்தியம் போலத் தனியே படித்தே ஆக வேண்டியவையும் இருக்கின்றன. அவற்றுக்குக் கடைசியில் சில பக்கங்களை ஒதுக்குங்கள். மனப்பாட உழைப்பை எல்லாம் அங்கே செலவழியுங்கள்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். பெயரின் வால் உங்களுக்கு ஒரு கேள்வியைத் தருகிறது. நோய் இன்னதென்று தீர்ப்புச் சொல்லாது. அட்டையில் ‘டிபின்’ என்று இருந்தால் இருமலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். அந்தக் குடும்பம் கணுக்காலில்தான் வீக்கம் தரும், அதையும் அழுத்திப் பாருங்கள். ‘ப்ரில்’ என்றே இருந்தாலும், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அழுத்தம் ஏறும். நாளைக் காலையிலேயே அட்டையோடு அம்மாவை அழைத்துக்கொண்டு போய், “இந்த மாத்திரை இத்தனாம் தேதி தொடங்கியது, இருமல் இத்தனாம் தேதி வந்தது, சளி இல்லை” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மாத்திரையை மாற்றினாலும் இருமல் மறுநாளே நிற்காது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரை நீளும். அது வரை மாற்றியது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். போவதற்கு முன் இன்றிரவே உதடோ நாக்கோ முகமோ வீங்கினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அந்த நிமிடமே 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அதுவும் பிராடிகினின் செய்கிற வேலைதான், மூச்சை அடைக்கக்கூடியது. அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.