நாலு கேமரா வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: கேட், பக்கவாட்டுச் சந்து, பின்வாசல், மாடிப்படி என்று நாலு இடத்தில் கண்காணிப்பு கேமரா வேண்டும். கடையில் "நாலு கேமரா செட் 14,300" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் ஆகாதே?

ஆகும் சார். நீங்கள் அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று 1,400 என்று நாலுக்கு 5,600. பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் 3,200, 1 டிபி ஹார்ட்டிஸ்க் 4,800, பவர் சப்ளை 700. இவ்வளவுதான் அந்த 14,300. பெட்டியில் வரும் பொருள்கள் மட்டும் அதில் இருக்கின்றன, சுவரில் ஏறும் எதுவும் இல்லை.

கேபிளை நீங்களே அளந்துவிடலாம். டிவிஆர் இருக்கும் அலமாரியிலிருந்து கயிற்றைப் பிடித்து, கேபிள் போகும் வழியாகவே நடந்து பாருங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் ஏமாற்றிவிடும், சுவர் ஏறி இறங்குவதையும் சேர்க்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் கேட் 28 மீட்டர், சந்து 15, பின்வாசல் 22, மாடிப்படி 18. மொத்தம் 83 மீட்டர். 90 மீட்டர் பண்டல் ஒன்று போதும், ஆனால் வீணாக்க இடமில்லை. நல்ல காப்பர் கேபிள் என்றால் 2,400 வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டரும் ஜங்ஷன் பாக்ஸும் 700, பிவிசி பைப்பும் கிளாம்பும் 900, ஒரு கேமராவுக்கு 500 என்று கூலி 2,000. ஆக 20,300. பில்லோடு வாங்கினால் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 23,954 ஆகும். கடைக்குக் கடை இது முன்பின் மாறும். ஆனால் செட் விலைக்கும் கடைசிப் பில்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும் என்பது மாறாது. கொட்டேஷனில் "ஜிஎஸ்டி உட்பட" என்றும், கேபிள் எத்தனை மீட்டர் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை, இல்லத்தரசி: அண்ணா, 1 டிபி போட்டால் ஒரு மாசம் பதிவு இருக்கும் என்று போடவந்த தம்பி சொன்னார். போன வாரம் பதினைந்து நாளுக்கு முந்தையதைத் தேடினால் காணவில்லை. ஹார்ட்டிஸ்க் கெட்டுவிட்டதா?

கெடவில்லை அம்மா. அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பதிவின் பிட்ரேட்தான், அதாவது நொடிக்கு எவ்வளவு எழுதுகிறது என்பதுதான், முடிவு செய்யும். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுவதும் எழுதினால் ஒரு நாளுக்கு சுமார் 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி பதினோரு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

டிவிஆர் மெனுவில் வீடியோவைச் சுருக்கும் முறையாக H.265 தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், பலர் வீட்டில் பழைய H.264-லேயே விட்டிருப்பார்கள். H.265-க்கு மாற்றி, Bit Rate-ஐ 1024 ஆக்கி, Frame Rate-ஐ 15 ஆக்கினால் அதே ஹார்ட்டிஸ்கில் இருபது நாளுக்கு மேல் நிற்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் கேட்டைப் பார்க்கும் கேமராவை மட்டும் குறைக்காதீர்கள், முகமும் வண்டி நம்பரும் மங்கிவிடும். அப்படி விட்டால் பதினெட்டு நாள் வரை நிற்கும். முப்பது நாள் கட்டாயம் வேண்டும் என்றால் இந்த மாற்றங்களோடு 2 டிபி வாங்குவதுதான் வழி. வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்காகக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க் இரவும் பகலும் எழுதுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

திருப்பாதிரிப்புலியூர், கடை வைத்திருப்பவர்: நான் பல்ப் மாட்டும் ஹோல்டரில் போடும் வைஃபை கேமரா 1,800-க்கு வாங்கினேன். கேபிளும் இல்லை, கூலியும் இல்லை. எதற்கு இவ்வளவு செலவு?

உங்கள் கடைக்குள் ஒரு கல்லாவைப் பார்க்க அது போதும். இங்கே கேட்டது வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் பார்ப்பதைப் பற்றி. வைஃபை கேமராவுக்கும் கரண்ட் வேண்டும், மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் கூடவே போய்விடும்.

தேவனாம்பட்டினம்: பகலில் படம் நன்றாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் கேட் கேமரா மட்டும் அணைந்து அணைந்து வருகிறது. கேமராவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இடையில் எழுதியது: கேமராவைத் தொடாதீர்கள் தம்பி. 12 வோல்ட்டை மெல்லிய கம்பியில் தூரம் அனுப்பினால் வழியிலேயே இறங்கிவிடும். இருட்டினால் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், இறக்கமும் கூடும்.

ஐயா சொன்னதையே முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கேமராவைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 12 காட்டும், அதை நம்பாதீர்கள். இருட்டிய பிறகு, கேமரா ஓடும்போதே அதன் முனையில் அளக்க வேண்டும். 11-க்குக் கீழே வந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். அதன் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை மலிவு, ஆனால் இறக்கம் அதிகம், உப்புக்காற்றில் அந்த முனை சீக்கிரம் பொடிந்துவிடும். பண்டலுக்கு 800, 1,000 மிச்சம் பிடித்த இடம் இதுதான். முழுக்கேபிளையும் உருவ மனமில்லை என்றால், கேட் பக்கத்தில் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டரை மழை படாத பெட்டியில் வைக்கலாம், 300 ரூபாய்க்குள் முடியும்.

உங்கள் பகுதியில் கனெக்டர்களையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். இணைப்பு எதுவும் வெளியில் தொங்கக் கூடாது, மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். கேபிள் கீழிருந்து மேலே வளைந்து பெட்டிக்குள் நுழைந்தால் மழைநீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

ரெட்டியார்பாளையம்: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதான் ஏஎம்சி, வருஷத்துக்கு 2,500 கேட்கிறார்கள். வாங்கலாமா?

முதலில் அதில் பொருள் சேருமா, கூலி மட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் கூலி மட்டும்தான். அப்படியானால் கூப்பிடும்போது 400, 500 கொடுத்துக்கொள்வது லாபம். ஆனால் வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடு என்றால் நான் ஏஎம்சி எடுக்கவே சொல்வேன், போன் செய்தால் ஒருவர் வர வேண்டும் என்பதற்காக.

யாரும் கணக்கில் எடுக்காத ஆண்டுச் செலவு மின்சாரம். நாலு கேமரா, டிவிஆர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 40 வாட் என்று வைத்தால் ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட், ஆண்டுக்கு 350. யூனிட் 6 ரூபாய் என்றாலே 2,100 ஆகிறது. ஹார்ட்டிஸ்க் நாலைந்து ஆண்டில் மாற்ற வேண்டி வரும், அதற்காக ஆண்டுக்கு 1,000, 1,200 எடுத்து வையுங்கள். புயலும் மின்னலும் வரும் என்றால் பவர் பிளக்கையும், தெருவிலிருந்து வரும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடியில் போனால் வாரண்டி கிடைப்பது கடினம்.

மறுபடியும் தேவனாம்பட்டினம்: இரவு அளந்தேன் அண்ணா. 11.6 காட்டுகிறது. கனெக்டரும் புதிது. இன்னும் அணைகிறது.

அப்படியானால் கோளாறு வோல்டேஜில் இல்லை போலிருக்கிறது. கேட் கேமராவையும் பின்வாசல் கேமராவையும் ஒரு இரவு இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு கேமராவோடு போகிறதா, கேட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை புதுக் கேமராவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.