கழித்த பணம் ரெண்டு நாள் எங்கே இருந்தது?

கேள்வி: வெள்ளி சாயங்காலம் ஒருத்தருக்குப் பணம் அனுப்பினேன். என் கணக்கில் உடனே கழித்துவிட்டார்கள், அவருக்கு வந்தது திங்கட்கிழமைதான். நடுவில் அது எங்கே இருந்தது? இனி எல்லாமே உடனடிப் பரிமாற்றத்தில் அனுப்பிவிடலாமா?

உங்கள் வங்கியிலேயேதான் இருந்தது. கணக்கில் கழிப்பது அந்த வங்கியின் சொந்த வேலை, அதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அடுத்த வங்கிக்குப் போவது தனிக் கதை. தொகுப்பு முறையில் உங்கள் கட்டளை ஆயிரக்கணக்கான மற்ற கட்டளைகளோடு வரிசையில் நிற்கும், குறித்த நேரம் வந்ததும் மொத்தமாகப் போகும். அன்றைய கடைசி நேரம் மாலை 6 மணி, நீங்கள் அனுப்பியது 6.40 என்றால், சனி ஞாயிறு வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது நடக்காத இடத்தில் அடுத்த வாய்ப்பு திங்கள் காலைதான்.

ஏன் இப்படிக் காக்க வைக்கிறார்கள்? ஒரு வங்கி இன்னொன்றுக்கு 100 கோடி தரவேண்டும், அங்கிருந்து 97 கோடி வரவேண்டும் என்றால், சேர்த்துக் கணக்குப் பார்த்து 3 கோடியை மட்டும் நகர்த்தினால் போதும். அதற்காக, தொகுப்பு என்றாலே மெதுவானது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்ற முறை 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு உட்பட நாள் முழுக்க அரைமணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுகிறது.

உடனடி முறையில் ஒவ்வொரு கட்டளையும் தனியாகப் போகும். பெறும் வங்கியிடம் கேட்டு, அது சரி என்றதும் வரவு. ஐரோப்பாவின் உடனடி யூரோ பரிமாற்றத்துக்கு 10 விநாடிதான் கெடு. சிக்கல் எப்போது என்றால், அந்தப் பதில் திரும்பி வராதபோது. திரையில் 'நிலுவை' என்று நிற்கும், பணம் கழிந்திருக்கும், ஆனால் எதிர்ப்பக்கம் வரவு ஆனதா இல்லையா என்று உங்கள் வங்கிக்கே அந்த நிமிடம் தெரியாது. பதறிப்போய் மறுபடி அனுப்பிவிடாதீர்கள், இரட்டைப் பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, 'வெற்றி' அல்லது 'தோல்வி' என்று நிலை மாறும்வரை பொறுங்கள். தோல்வி என்றால் கழித்தது திரும்பிவிடும், சில சமயம் கொஞ்சம் தாமதமாக.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தொகுப்பில் கணக்கு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால், அந்தத் தொகுப்பு கிளம்பும்முன் சொன்னால் பல வங்கிகள் நிறுத்திவிடும். உடனடியில் அந்த இடைவெளியே கிடையாது. தப்பான கணக்குக்குப் போய்விட்டால் பொதுவாக அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் திரும்பும், மோசடிக்காரர்கள் 'உடனே அனுப்பு' என்று அவசரப்படுத்துவதும் இதனால்தான். ஆகவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இன்றே போய்ச் சேர வேண்டியது, ஏற்கெனவே அனுப்பிப் பழகிய கணக்கு என்றால் உடனடி. புதுக் கணக்கு என்றால் முதலில் சின்னத் தொகை அனுப்பி, கிடைத்ததா என்று அவரையே கேட்டுவிட்டு அப்புறம் மீதி. தேதி முன்கூட்டியே தெரிந்த மாதாந்தரப் பணத்துக்குத் தொகுப்பே போதும், கெடு தேதிக்கு ரெண்டு வேலைநாள் முன்னாடி போட்டுவிடுங்கள்.